ஐம்பது சதவீதத் தள்ளுபடியும் மூன்று ரூபாய் மிச்சமும்: உணவு செயலி பில்லின் கணக்கு

உணவு செயலி ஒன்றில் ஒரு சிக்கன் பிரியாணியும் ஒரு பிளேட் பெப்பர் சிக்கனும் எடுத்துக்கொள்வோம். பிரியாணி 260 ரூபாய், பெப்பர் சிக்கன் 180 ரூபாய், ஆக 440. கடையின் பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் 50 சதவீதத் தள்ளுபடி, அதற்கும் கீழே சின்ன எழுத்தில் அதிகபட்சம் 100 ரூபாய் என்று இருக்கிறது. கூப்பனைப் போட்டதும் வண்ணக் காகிதங்கள் திரையில் சிதறி, 100 ரூபாய் மிச்சம் என்று வாழ்த்து வருகிறது. அதன் பிறகு வரும் பில் இது.

```
பொருள்களின் விலை           440.00
கூப்பன்                    -100.00
பேக்கிங் கட்டணம்             20.00
உணவின் மீது ஜிஎஸ்டி 5%        18.00
டெலிவரி கட்டணம்              38.00
அதன் மீது ஜிஎஸ்டி 18%          6.84
பிளாட்ஃபார்ம் கட்டணம்          12.00
அதன் மீது ஜிஎஸ்டி 18%          2.16
செலுத்த வேண்டியது           437.00
```

வரி விகிதங்கள் இன்று நடைமுறையில் உள்ளவை. மற்ற தொகைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு பெருநகரத்து இரவு பில்லில் சாதாரணமாகக் காணக்கூடிய அளவில்தான் வைத்திருக்கிறேன். 440 ரூபாய்க்குச் சாப்பாடு எடுத்து, பாதி விலை என்ற அறிவிப்பைப் பார்த்து, கடைசியில் 437 ரூபாய் கட்டுகிறோம். யாரும் பொய் சொல்லவில்லை. கூட்டலிலும் பிழையில்லை. ஆனாலும் பெரிய எழுத்தில் பார்த்த எண்ணுக்கும் வங்கிக் கணக்கிலிருந்து போன எண்ணுக்கும் நடுவே இவ்வளவு தூரம் எப்படி விழுந்தது என்பதை வரிவரியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் மனதில் வாங்க வேண்டியது, இந்த பில்லில் இருப்பது ஒரே ஒரு வியாபாரம் இல்லை என்பது. உணவகம் நமக்கு உணவு விற்கிறது. பையும் டப்பாவும் அதனோடு சேர்ந்தவை. உணவை வீட்டுக்குக் கொண்டுவருவது இன்னொரு சேவை. செயலியைப் பயன்படுத்தியதற்குத் தனியாக ஒரு கட்டணம். இவற்றையெல்லாம் நிர்ணயிப்பவர் ஒருவரில்லை, வரி ஒன்றில்லை, பணம் போய்ச் சேரும் இடமும் ஒன்றில்லை. கூப்பன் இவற்றில் முதலாவதை மட்டும்தான் தொடுகிறது. மற்றவை கூப்பன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படியே நிற்கும். மேலே உள்ள பில்லில் டெலிவரியும் பிளாட்ஃபார்ம் கட்டணமும் வரியோடு சேர்ந்து 59 ரூபாய். இந்த 59-ஐ நினைவில் வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கெல்லாம் எளிது.

கூப்பனிலிருந்து தொடங்குவோம். சதவீதக் கூப்பன் பொருள்களின் விலைக்கு மட்டுமே கணக்கிடப்படும். பேக்கிங்குக்கோ டெலிவரிக்கோ வரிக்கோ கிடையாது. சில பொருள்கள், குறிப்பாக ஏற்கனவே விலை குறைத்த காம்போக்களும் எம்ஆர்பி போட்டு விற்கும் குளிர்பானங்களும், பல கூப்பன்களில் கணக்கில் சேராது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது உச்சவரம்பு. 50 சதவீதம், அதிகபட்சம் 100 என்றால், அந்தக் கூப்பன் முழு வலுவோடு வேலை செய்வது 200 ரூபாய் வரைதான். 201-ஆவது ரூபாயிலிருந்து நாம் சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் முழு விலை. நம் 440 ரூபாய் பில்லில் கடைசி 240 ரூபாய்க்குத் தள்ளுபடியே இல்லை.

கூப்பன் இல்லாமல் இதே பில் எவ்வளவு வரும்? உணவும் பேக்கிங்கும் 460, அதன் வரி 23, கூட 59, மொத்தம் 542. கூப்பனோடு 437. மிச்சம் 105 ரூபாய், அதாவது சுமார் 19 சதவீதம். கூப்பன் தந்தது 100, வரியில் குறைந்தது 5. இதே கூப்பனுக்கு மிகப் பொருத்தமான 200 ரூபாய் ஆர்டரில்கூட, பேக்கிங் 20 என்றே வைத்தால், 290 ரூபாய் பில் 185 ஆகிறது. அங்கும் மிச்சம் 36 சதவீதம்தான். வீட்டில் நான்கு பேருக்காக 800 ரூபாய்க்கு எடுத்தால், அதே பேக்கிங் கட்டணத்தோடு 920 ரூபாய் பில் 815 ஆகும். மிச்சம் சுமார் 11 சதவீதம். ஐம்பது என்ற எண் எந்த ஆர்டரிலும் பில்லின் அடியில் ஐம்பதாக வந்து சேர்வதில்லை. எனவே கூப்பனைப் படிக்கும்போது சதவீதத்தை விட்டுவிட்டு உச்சவரம்பு ரூபாயை மட்டும் படிப்பது நல்லது. 60 சதவீதம் அதிகபட்சம் 120 என்ற கூப்பனும், 30 சதவீதம் அதிகபட்சம் 120 என்ற கூப்பனும் 440 ரூபாய் ஆர்டருக்கு ஒன்றேதான்.

குறைந்தபட்ச ஆர்டர் நிபந்தனை இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. 199 ரூபாய்க்கு மேல் எடுத்தால் 60 ரூபாய் தள்ளுபடி என்று ஒரு கூப்பன். நம் கூடையில் 180 ரூபாய்க்கு இருக்கிறது. இன்னும் 19 ரூபாய்க்கு எடுங்கள் என்று திரை சொல்கிறது. 30 ரூபாய்க்கு ஒரு குலாப் ஜாமூன் சேர்த்தால் என்ன ஆகும்? சேர்க்காமல் இருந்தால் 180-உம் பேக்கிங் 20-உம் சேர்ந்து 200, வரி 10, கட்டணங்கள் 59, மொத்தம் 269. சேர்த்தால் 210-இல் 60 போய் 150, பேக்கிங்கோடு 170, வரி 8.50, கட்டணங்கள் 59, மொத்தம் 237.50. ஜாமூனும் கிடைத்தது, பில்லும் 31.50 குறைந்தது. இங்கே செயலி சொல்வதைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் கூடையில் 130 ரூபாய்க்குத்தான் இருக்கிறது என்றால் 70 ரூபாய்க்கு வேண்டாத ஒன்றைச் சேர்த்து 60 ரூபாய் வாங்குகிறோம். சேர்க்கும் பொருளின் விலை தள்ளுபடித் தொகையைவிடக் குறைவாக இருந்தால் சேர்க்கலாம். கூடுதலாக இருந்தால், அந்தப் பொருள் உண்மையிலேயே வேண்டுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். பேக்கிங் கட்டணம் பொருளுக்கு இவ்வளவு என்று வைத்திருக்கும் கடையில் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வங்கி அட்டைச் சலுகையும் கேஷ்பேக்கும் வேறு வகை. உடனடித் தள்ளுபடி என்றால் செலுத்தும் தொகையிலேயே குறையும். கேஷ்பேக் என்றால் இப்போது முழுத் தொகையும் கட்ட வேண்டும். பிறகு வேலட்டிலோ அட்டைக் கணக்கிலோ வரும், பல சமயம் காலக்கெடுவோடும் இன்னொரு ஆர்டர் என்ற நிபந்தனையோடும். கையில் வந்து, செலவழிக்க முடிந்த பிறகுதான் அதைத் தள்ளுபடியாக எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

இனி வரி. இந்தப் பகுதியில்தான் பெரும்பாலோர் குழம்புகிறார்கள், ஏனென்றால் ஒரே பில்லில் இரண்டு விகிதங்கள் இருக்கின்றன. உணவுக்கும் அதனோடு வரும் பேக்கிங்குக்கும் 5 சதவீதம். 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் எடுத்த முடிவின்படி, 2022 ஜனவரி 1 முதல் செயலி வழியாக விற்கும் உணவக உணவுக்கான வரியை உணவகத்துக்குப் பதிலாகச் செயலி நிறுவனமே வசூலித்து அரசுக்குக் கட்டுகிறது. உணவகங்கள் வாடிக்கையாளரிடம் வாங்கிய வரியை ஒழுங்காகக் கட்டுவதில்லை என்ற கவலைதான் இதற்குக் காரணம். இந்த மாற்றத்தால் சின்னக் கடைகளில் சாப்பிடுபவருக்கு ஒரு புது வரி வந்தது. ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கும் மெஸ்ஸோ டிபன் கடையோ ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. நேரில் போனால் பில்லில் வரி கிடையாது. அதே இட்லியைச் செயலியில் எடுத்தால் 5 சதவீதம் கட்டியாக வேண்டும், ஏனென்றால் அங்கே வரி கட்டும் பொறுப்பு செயலியுடையது.

பிளாட்ஃபார்ம் கட்டணத்துக்கு 18 சதவீதம். அது செயலி தரும் சேவை, உணவு இல்லை. டெலிவரி கட்டணத்தின் கதை இன்னும் புதியது. அது டெலிவரி ஊழியருக்குப் போகும் பணம், தாங்கள் வாங்கிக் கொடுப்பவர்கள் மட்டுமே என்று நிறுவனங்கள் வாதிட்டுவந்தன. வரித்துறை அதை ஏற்கவில்லை. 2025 செப்டம்பரில் நடந்த 56-ஆவது கவுன்சில் கூட்டம் இதற்கு முடிவு கட்டியது. ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாத ஊழியர் செயலி வழியாகச் செய்யும் உள்ளூர் டெலிவரிக்கும் 18 சதவீத வரி, அதைக் கட்ட வேண்டியது செயலி நிறுவனம் என்று 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. 38 ரூபாய் டெலிவரியின் மீது 6.84 ரூபாய் ஏறியது இதனால்தான்.

தள்ளுபடிக்கு முந்தைய விலைக்கு வரியா, பிந்தைய விலைக்கு வரியா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. விடை, தள்ளுபடியை யார் சுமக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆவது பிரிவு, விற்கும்போதே கொடுத்து பில்லில் காட்டிய தள்ளுபடியை வரி மதிப்பிலிருந்து கழிக்கச் சொல்கிறது. உணவகமே 100 ரூபாயை விட்டுக்கொடுத்தால் வரி 360-க்கு. ஆனால் அந்த 100 ரூபாயைச் செயலி நிறுவனம் தன் கையிலிருந்து உணவகத்துக்குக் கொடுத்தால் உணவகத்துக்குக் கிடைத்த விலை குறையவே இல்லை. நமக்குப் பதில் இன்னொருவர் கொடுத்தார், அவ்வளவுதான். அப்போது வரி 460-க்கு வரலாம். இருவரும் பங்கு போட்டால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு தொகை. இதை வாடிக்கையாளர் கண்டுபிடிப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. உணவின் மீதான ஜிஎஸ்டி தொகையை 20-ஆல் பெருக்க வேண்டும். 18 என்றால் 360. தள்ளுபடி கழித்த விலைக்கு வரி. 23 என்றால் 460; கழிக்காத விலைக்கு வரி. பெருக்கி வரும் தொகை இந்த இரண்டையும் தாண்டினால்தான் கேள்வி கேட்க வேண்டும். சில திரைகளில் பேக்கிங்கையும் ஜிஎஸ்டியையும் ஒரே வரியில் சேர்த்துக் காட்டுவார்கள். அந்த வரியைத் தொட்டால் பிரிவு விரியும். விரிக்காமல் பெருக்கினால் கணக்கு தப்பும்.

பேக்கிங் கட்டணத்தை நிர்ணயிப்பது உணவகம். பணமும் அதற்கே போகிறது. சில கடைகள் ஆர்டருக்கு ஒரு தொகை வைக்கின்றன, சில பொருளுக்கு ஒரு தொகை. பொருளுக்கு ஐந்து ரூபாய் வைத்திருக்கும் கடையில் மூன்று பரோட்டாவைத் தனித்தனியாகச் சேர்ப்பதும், மூன்று பரோட்டா கொண்ட ஒரு செட்டைச் சேர்ப்பதும் ஒன்றில்லை: முதலாவதுக்கு 15, இரண்டாவதுக்கு 5. வருவது என்னவோ ஒரே வாழையிலைப் பொட்டலமும், ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கவர் சால்னாவும்தான். மூடி இறுகிய நல்ல டப்பாவுக்கு ஏழெட்டு ரூபாய் உண்மையான செலவு. அதைக் கொடுக்க யாருக்கும் மனக்குறை இருக்காது. உணவின் விலையைக் குறைத்துக் காட்டிவிட்டுப் பேக்கிங்கில் ஏற்றுவதுதான் தவறு. கூப்பன் தொடாத இடம் அது என்பதால், அங்கே ஏற்றப்படும் ஒவ்வொரு ரூபாயும் முழுதாக நம்மிடமிருந்து போகிறது.

பிளாட்ஃபார்ம் கட்டணம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2023 ஏப்ரலில் ஸ்விக்கி ஆர்டருக்கு 2 ரூபாய் என்று இதைத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் சொமாட்டோவும் 2 ரூபாயில் தொடங்கியது. 2024 ஜூலையில் அது 6, பண்டிகைக் காலத்தையொட்டி அக்டோபரில் 10, 2025 செப்டம்பரில் சொமாட்டோவில் 12. பண்டிகைக்கு ஏற்றிய கட்டணம் பண்டிகை முடிந்ததும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. 2023 ஆகஸ்டிலிருந்து 2024 மார்ச் வரையிலான எட்டு மாதங்களில், அதாவது ஆர்டருக்கு ஒற்றை இலக்க ரூபாய் வாங்கிய காலத்திலேயே, சொமாட்டோ இந்த ஒரு கட்டணத்தால் ஈட்டியது 83 கோடி ரூபாய். இந்தப் பணம் டெலிவரி ஊழியருக்கும் போவதில்லை, உணவகத்துக்கும் போவதில்லை. உணவகத்திடம் கமிஷன் வாங்குவதும் இதே செயலி, நம்மிடம் டெலிவரிக்கு வாங்குவதும் இதே செயலி. மூன்றாவதாக வாங்கும் இந்தத் தொகைக்கு எதிராகத் தனியாக எந்தச் சேவையும் இல்லை. நிறுவனம் தன் சேவைக்கு விலை வைப்பதில் தவறில்லை. அந்த விலையை உணவின் விலையிலோ டெலிவரி கட்டணத்திலோ வெளிப்படையாகச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கடைசித் திரையில், யாரும் திரும்பிப் போக மாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில், சின்னத் தொகையாக வைப்பதால்தான் அது கேள்வியில்லாமல் 2-இலிருந்து 12 வரை ஏற முடிந்தது.

நிலையான கட்டணங்கள் அதிகம் அடிப்பது சின்ன ஆர்டர்களைத்தான். தனியாக அறையெடுத்துத் தங்கியிருக்கும் ஒருவர், உடம்பு சரியில்லாத ஒரு காலையில், பக்கத்துத் தெரு டிபன் கடையில் 50 ரூபாய் இட்லியும் 40 ரூபாய் வடையும் செயலியில் எடுக்கிறார். பேக்கிங் 10, வரி 5, கூடவே நம் 59. கட்ட வேண்டியது 164 ரூபாய். கடை விலையைக் கூட்டாமல் இருந்தாலே இந்த நிலை. நேரில் போனால் 90. சின்னக் கூடைக்கென்று தனிக் கட்டணமோ, மழைக் கட்டணமோ சேர்ந்தால் விலை இரண்டு மடங்கைத் தொடும். அவரைப் போன்ற இருவர் சேர்ந்து ஒரே ஆர்டராக எடுத்தால் 59 இரண்டாகப் பிரியும். கூப்பன் இரண்டு முறை கிடைக்குமென்று ஒரு ஆர்டரை இரண்டாக உடைப்பவர்கள் இதற்கு நேர்மாறான கணக்கைப் போட வேண்டும். இரண்டாவது கூப்பன் தருவது 59-ஐவிடவும் இரண்டாவது பேக்கிங்கைவிடவும் அதிகமா என்று பார்த்துவிட்டுத்தான் உடைக்க வேண்டும்.

டெலிவரி கட்டணம் தூரம், நேரம், மழை, நெரிசல் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். சந்தா வைத்திருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் பூஜ்யம், ஆனால் குறைந்தபட்ச ஆர்டர், தூர எல்லை என்ற நிபந்தனைகளோடு. சந்தாவால் மிச்சமா என்பதை, சந்தாத் தொகையை அந்தக் காலத்தில் உண்மையில் எடுத்த ஆர்டர்களின் எண்ணிக்கையால் வகுத்து, டெலிவரி கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதுவரை பார்த்ததெல்லாம் 440 என்ற முதல் எண்ணைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு போட்ட கணக்கு. அந்த எண்ணே உணவகத்தின் சொந்த விலையா? அதே பிரியாணி கல்லாவில் 220, பெப்பர் சிக்கன் 150 என்று வைப்போம்; பல கடைகளில் இந்த அளவு வித்தியாசம் இருக்கிறது. பார்சல் டப்பாவுக்கு 10 சேர்த்து 380, வரி 19. நேரில் வாங்கினால் 399 ரூபாய். கூப்பனோடு செயலியில் 437. வீட்டு வாசலுக்கு வந்ததற்கு நாம் கொடுத்த உண்மையான விலை 38 ரூபாய். இது நியாயமான விலை என்றே நான் சொல்வேன். பெட்ரோலும் நேரமும் மிச்சம். கூப்பன் இல்லாத நாளில் அதே வசதிக்கு 143 ரூபாய். மிச்சம் எவ்வளவு என்று செயலி காட்டும் எண்ணைவிட இந்த 38-உம் 143-உம்தான் வாடிக்கையாளருக்கு வேண்டிய எண்கள். இவற்றை எந்தத் திரையும் காட்டுவதில்லை.

உணவகம் ஏன் விலையைக் கூட்டுகிறது? செயலிகள் வாங்கும் கமிஷன் கடைக்குக் கடை மாறும். 15 முதல் 30 சதவீதம் வரை என்பது உணவகத்துறையில் பொதுவாகப் பேசப்படும் அளவு. 20 என்றே வைப்போம். 260 ரூபாய் பிரியாணியில் கமிஷன் 52. அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 9.36. உணவகம் 5 சதவீத வரித் திட்டத்தில் இருப்பதால், தான் கட்டிய வரியை அது திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது; அதுவும் செலவுதான். மிஞ்சுவது 198.64. கல்லாவில் 220-க்கு விற்கும் பிரியாணி, 260 என்று விலை போட்ட பிறகும், கடைக்காரருக்கு 21 ரூபாய் குறைவாகத்தான் தருகிறது. கூப்பனில் அவர் பங்கு இருந்தால் இன்னும் குறையும். நாம் அதிகம் கொடுக்கிறோம், அவர் குறைவாகப் பெறுகிறார் என்ற இரண்டு புகாரும் ஒரே பில்லில் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிவது இப்படித்தான். கமிஷன், விலைக் கட்டுப்பாடு ஆகியவை பற்றித் தேசிய உணவகங்கள் சங்கம் கொடுத்த புகாரின் பேரில், 2022 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் சொமாட்டோ, ஸ்விக்கி இரண்டின் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது. மற்ற இடங்களில் குறைந்த விலைக்கு விற்கக் கூடாது என்று உணவகங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்த விதிகள் அதில் ஒரு முக்கியமான புள்ளி. அப்படிப்பட்ட விதி இருக்கும் இடத்தில் நாம் வேறு எங்கே தேடினாலும் மலிவான விலை தென்படாது.

பணம் திரும்ப வரும்போதும் இதே வரிவரியான கணக்கு தேவைப்படுகிறது. பொட்டலத்தைப் பிரித்தால் பெப்பர் சிக்கன் இல்லை. புகார் செய்தால் எவ்வளவு வர வேண்டும்? 180 என்று எதிர்பார்ப்போம். ஆனால் 100 ரூபாய் தள்ளுபடி இரண்டு பொருள்களுக்கும் பொதுவானது. விலை விகிதப்படி பெப்பர் சிக்கனுக்கு விழும் பங்கு 40.91. மீதி 139.09, அதன் வரி 6.95, ஆக 146 ரூபாய் நியாயமான தொகை. அதற்குக் கணிசமாகக் குறைவாக வந்தால் விவரம் கேட்கலாம். வங்கிக் கணக்குக்கா, செயலியின் வேலட்டுக்கா என்பதையும் பார்க்க வேண்டும். வேலட்டை முன்கூட்டியே தேர்வு செய்து வைத்திருக்கும் திரையில் மாற்றும் வசதி சற்றுக் கீழே இருக்கும்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், மொத்த விலையை ஒரே எண்ணாகவும், கட்டாயமான கட்டணம், விருப்பக் கட்டணம், வரி எல்லாவற்றின் பிரிவோடும் காட்டச் சொல்கின்றன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதல்கள், இணையத்தில் வாடிக்கையாளரைத் தடுமாற வைக்கும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டன. விலையின் ஒரு பகுதியை முதலில் மறைத்துப் பிறகு சொட்டுச் சொட்டாக வெளியிடுவது அதில் ஒன்று. கேட்காமலே நன்கொடையையோ வேறு பொருளையோ கூடையில் சேர்ப்பது இன்னொன்று. ஆனால் டெலிவரி கட்டணம், வரி, வாங்கும் நேரத்தில் வெளிப்படையாகச் சொன்ன வேறு கட்டணங்கள் ஆகியவற்றைத் தேவையான கட்டணங்கள் என்று கூறி, கூடையில் திணிக்கும் குற்றத்திலிருந்து அந்த வழிகாட்டுதல்களே விலக்கிவைக்கின்றன. கடைசித் திரையில் ஒரு வரி போட்டுக் காட்டிவிட்டால் போதும் என்று நிறுவனங்கள் நிற்பது இந்த விலக்கின் மேல்தான். சொட்டுச் சொட்டாக விலையை வெளியிடுவதைத் தடுக்கும் விதியும் இந்த விலக்கும் உரசும் இடத்தில், உணவு பில் சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆணையம் இதைத் தெளிவுபடுத்த வேண்டும்.

செயலியைத் திறக்கும்போதே அதற்கு நம் முகவரி தெரியும். கடைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் தெரியும், மழை பெய்கிறதா என்பது தெரியும், பிளாட்ஃபார்ம் கட்டணம் தெரியும், நமக்குப் பொருந்தும் கூப்பனும் தெரியும். இத்தனை நிமிடத்தில் வரும் என்று மெனுப் பக்கத்திலேயே கணக்கிட்டுச் சொல்ல முடிந்த நிறுவனத்தால், இந்தப் பிரியாணி உங்கள் வீட்டுக்கு வந்து சேர இவ்வளவு என்று அதே பக்கத்தில் சொல்ல முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. கணக்கிடும் வசதி இருந்தும் கடைசித் திரை வரை அதைத் தள்ளிப்போடுவது, வாடிக்கையாளர் கடைகளுக்கிடையே ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்கத்தான் உதவுகிறது.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் கடினமும் இல்லை. பணம் கட்டுமுன் "To Pay" என்ற எண்ணைப் பாருங்கள். கடைக்குத் தொலைபேசியில் பேசியோ அதன் மெனு அட்டையைப் பார்த்தோ பார்சல் விலையை அறிந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். வரி இருக்கும் வரியைத் தொட்டு விரியுங்கள். போன முறை கொடுத்த டிப்ஸோ நன்கொடையோ இந்த முறையும் தானாகச் சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். டிப்ஸ் மனமுவந்து கொடுக்கலாம், அதைக் கொடுப்பது நம் முடிவாக இருக்க வேண்டும். கேட்காத ஏதாவது சேர்ந்திருந்தாலோ, மெனுவில் கண்ட விலைக்கும் பில்லில் கண்ட விலைக்கும் வித்தியாசம் இருந்தாலோ, திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு முதலில் செயலியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிவு செய்யலாம்.